வெங்காய வேர் நுனி ஸ்லைடில் மைட்டாசிஸ் நிலைகளை வரிசையாக அடையாளம் காண: முழுமையான வழிகாட்டி

பாடநூல் படத்தில் நான்கு செல்கள் இருக்கும். நான்கும் பக்கவாட்டில் திரும்பி, குரோமோசோம்களை அழகாக விரித்துக் காட்டும். சாயமேற்றிய வெங்காய வேர் நுனி ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தால் நூற்றுக்கணக்கான செல்கள் தெரியும். அவற்றில் பலவும் அந்த நான்கு படங்களில் எதோடும் ஒத்துப்போகாது. சில செல்கள் இரண்டு நிலைகளுக்கு நடுவே நின்றிருக்கும். சில மேலிருந்து பார்த்த கோணத்தில் படுத்திருக்கும். இன்னும் சில வெறும் இண்டர்ஃபேஸ் செல்களாக இருந்துகொண்டே புரோஃபேஸ் போலத் தோற்றம் தரும். படத்தை மனப்பாடம் செய்து கொண்டு போனவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் படத்தோடு ஒப்பிடும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு செல்லிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கும் முறையை எடுத்துக்கொள்கிறோம். ஸ்லைடில் இருக்கும் செல்கள் அனைத்தும் வேரை நிலைப்படுத்தும் கரைசலில் போட்ட கணத்தில் நின்றுபோனவை. எந்தச் செல்லும் உங்கள் கண் முன்னால் அடுத்த நிலைக்கு நகராது. எது முன், எது பின் என்பதை நாம்தான் தடயங்களை வைத்து ஊகிக்க வேண்டும். அந்தத் தடயங்கள் நான்கு: உட்கரு உறை இருக்கிறதா, உட்கருமணி இருக்கிறதா, குரோமோசோம்கள் ஒரே கூட்டமா இரண்டு கூட்டமா, நடுவில் புதிய சுவர் தெரிகிறதா.

முதலில், கையில் இருப்பது எந்த வகை ஸ்லைடு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்க்கத் தொடங்கினால் பாதிப் பிழைகள் அங்கேயே பிறந்துவிடும். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இரண்டு வகை ஸ்லைடுகள் புழங்குகின்றன.

ஒன்று, கடையில் வாங்கிய நிரந்தர ஸ்லைடு. வேரை மெழுகில் பதித்து, நீளவாக்கில் மெல்லிய சீவல்களாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். வெறும் கண்ணுக்கே அம்பு முனை போலச் சிறிய சீவல்கள் தெரியும். ஒரே ஸ்லைடில் பெரும்பாலும் இரண்டு மூன்று இருக்கும். இதில் செல்கள் செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாக நிற்கும். வேர் நீளும் திசையிலேயே பெரும்பாலான செல்கள் பிரிவதால், மெட்டாஃபேஸ் பட்டை வேரின் அச்சுக்குக் குறுக்கே கிடக்கும். அனாஃபேஸ் கூட்டங்கள் அச்சின் வழியே மேலும் கீழும் விலகும். இந்தத் திசை ஒழுங்கு பெரிய உதவி. குறை என்னவென்றால், கத்தி எல்லாச் செல்லையும் உட்கரு வழியாக வெட்டியிருக்காது. உட்கருவே இல்லாத வெற்றுப் பெட்டிகளும், ஓரம் மட்டும் சீவப்பட்ட உட்கருக்களும் தெரியும். அவற்றை எந்த நிலையிலும் சேர்க்கக் கூடாது.

மற்றது, ஆய்வகத்திலேயே தயாரித்த நசுக்கல் ஸ்லைடு. மென்மையாக்கிய வேர் நுனியைக் கவர் ஸ்லிப்பின் கீழ் வைத்துத் தட்டி நசுக்கியிருப்பார்கள். செல்கள் முழுசாக இருக்கும், குரோமோசோம்களும் முழுசாக இருக்கும். ஆனால் எந்தச் செல் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கும் என்று சொல்ல முடியாது. மேலிருந்து பார்த்த மெட்டாஃபேஸ் இதில்தான் அடிக்கடி கண்ணில் படும்.

சாயமும் முக்கியம். அசிட்டோகார்மைன் ஏற்றிய நசுக்கல் ஸ்லைடில் குரோமோசோம்கள் கருஞ்சிவப்பாகவும், உட்கருமணி உட்கருவுக்குள் வெளிறிய உருண்டையாகவும் தெரியும். இரும்பு ஹீமடாக்சிலின் ஏற்றிய நிரந்தர ஸ்லைடில் உட்கருமணி கரிய புள்ளியாகத் தெரியும். ஒரே உறுப்பு ஒரு ஸ்லைடில் வெளிறியும் இன்னொன்றில் கறுத்தும் இருக்கும் என்பதை முன்பே அறிந்திருக்காவிட்டால், ‘உட்கருமணி எங்கே’ என்ற கேள்விக்குத் தவறான பதில்தான் கிடைக்கும். ஸ்லைடைப் பார்க்கத் தொடங்கும்போதே, சந்தேகமில்லாத ஓர் இண்டர்ஃபேஸ் செல்லைத் தேடிப் பிடித்து, இந்தச் சாயத்தில் உட்கருமணி எப்படித் தெரிகிறது என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நசுக்கல் ஸ்லைடை நீங்களே தயாரிப்பதாக இருந்தால் சுருக்கமாக: வெங்காயத்தின் பழைய வேர்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிப்பகுதி மட்டும் தண்ணீரைத் தொடுமாறு குவளை மேல் வையுங்கள். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் இரண்டிலும் 2n = 16 தான்; எது கிடைத்தாலும் சரி. வேர் 1 முதல் 2 செ.மீ. வளர்ந்ததும் காலை வேளையில் நுனியை வெட்டி, 1 பங்கு அசிட்டிக் அமிலமும் 3 பங்கு எத்தில் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் 24 மணி நேரம் போட வேண்டும். அதன் பிறகு 70% ஆல்கஹாலில் சேமிக்கலாம். பார்க்கும் நாளில் 60 டிகிரி செல்சியஸில் 1N ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 8 நிமிடம் வைத்து, கழுவி, அசிட்டோகார்மைன் ஏற்றி, சாயம் அடர்ந்து ஏறிய நுனிப் பகுதி 1 முதல் 2 மி.மீ. மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுங்கள். 45% அசிட்டிக் அமிலம் ஒரு துளி விட்டு, கவர் ஸ்லிப் போட்டு, பென்சிலின் மழுங்கிய முனையால் மெல்லத் தட்டி, மையொற்றும் தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். அழுத்தும்போது கவர் ஸ்லிப் ஒரு மயிரிழை பக்கவாட்டில் நகர்ந்தாலும் செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் ஒரே திசையில் இழுபட்ட கோடுகளாகிவிடும்.

சரியான இடத்தைப் பிடிப்பது

4 மடங்கு பொருளருகு லென்ஸில் தொடங்குங்கள். சீவல் ஸ்லைடில் நுனியைத் தொப்பி போல மூடிய, தளர்ந்த செல்கள் கொண்ட பகுதி வேர்மூடி. அங்கே தேட வேண்டாம். அதற்குச் சற்று மேலே சாயம் அடர்ந்து தெரியும் பகுதிதான் ஆக்குத்திசு. 10 மடங்கு லென்ஸுக்கு மாற்றி, செல்களின் வடிவத்தைப் பாருங்கள். ஏறத்தாழச் சதுரமாக, உட்கரு செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். செல்கள் நீண்டு, உட்கரு சிறுத்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் நீட்சிப் பகுதிக்கு வந்துவிட்டீர்கள். நுனியை நோக்கித் திரும்புங்கள்.

நசுக்கல் ஸ்லைடில் வேரின் வடிவமே இருக்காது. அங்கே செல் வடிவம் ஒன்றுதான் வழிகாட்டி. நீண்ட செல்களும் அவற்றுக்குள் சிறு உட்கருக்களும் மட்டுமே தெரிகின்றன, ஒரு குரோமோசோம்கூட இல்லை என்றால் சாயத்தைக் குறை சொல்ல வேண்டாம். நுனியை வெட்டும்போது ஆக்குத்திசு கைநழுவிப் போயிருக்கிறது. வேறு வேரை எடுப்பதுதான் வழி.

இடம் கிடைத்ததும் 40 மடங்கு லென்ஸுக்கு வாருங்கள். ஒளிகுவிப்பானின் ஐரிஸ் தடுப்பை அகலத் திறந்தால் குரோமோசோம்களின் விளிம்பு கூர்மையாகும். கொஞ்சம் மூடினால் சாயம் ஏறாத செல் சுவரும் உருவாகிவரும் செல் தட்டும் மேலெழுந்து தெரியும். ஒரே அளவில் வைத்துவிட்டு முழு ஸ்லைடையும் பார்ப்பவர்களுக்கு டீலோஃபேஸின் நடுச்சுவர் தப்பிப்போகும். வலக்கை விரல்கள் நுண்சரிசெய் திருகை விட்டு அகலவே கூடாது. ஏன் என்பது மெட்டாஃபேஸ் பகுதியில் புரியும்.

ஒவ்வொரு செல்லிடமும் கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி: உருண்டையான, ஓரம் தெளிந்த உட்கரு இருக்கிறதா? இருந்தால் செல் இண்டர்ஃபேஸிலோ புரோஃபேஸிலோ டீலோஃபேஸின் கடைசிக் கட்டத்திலோ இருக்கிறது. இல்லையென்றால் இரண்டாம் கேள்வி: குரோமோசோம்கள் ஒரே கூட்டமா, இரண்டு கூட்டமா? ஒரே கூட்டம் என்றால் புரோஃபேஸின் முடிவு அல்லது மெட்டாஃபேஸ். இரண்டு என்றால் அனாஃபேஸ் அல்லது டீலோஃபேஸ். இந்த இரண்டு கேள்விகளிலேயே ஐந்தில் இரண்டோ மூன்றோ வாய்ப்புகளாகச் சுருங்கிவிடும். மீதம் இருப்பது பக்கத்துப் பக்கத்து நிலைகளைப் பிரித்தறிவது. சிரமம் முழுவதும் அந்த எல்லைகளில்தான் இருக்கிறது.

இண்டர்ஃபேஸா, புரோஃபேஸா?

வெங்காயத்தின் குரோமோசோம்கள் பெரியவை. அதனால் இண்டர்ஃபேஸ் உட்கருகூட வழவழவென்று இருக்காது. ரவையைத் தூவியது போலவோ, நெருக்கமான வலை போலவோ தெரியும். இந்தச் சொரசொரப்பைப் பார்த்ததும் புரோஃபேஸ் என்று எழுதிவிடுவதுதான் இந்த ஸ்லைடில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

இதற்கு ஒரு சோதனை உண்டு. உட்கருவுக்குள் ஏதாவது ஓர் இழையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது போகும் வழியைத் தொடர முயலுங்கள். இரு பக்கமும் தெளிவான இடைவெளியோடு, வளைந்து நெளிந்து ஓரளவு நீளத்துக்கு அதைத் தொடர முடிந்தால் புரோஃபேஸ். தொடர முடியாமல் புள்ளிகளாகவும் முடிச்சுகளாகவும் உடைந்துபோனால் இண்டர்ஃபேஸ். புரோஃபேஸ் உட்கரு தளர்வாகச் சுற்றிய நூற்கண்டு போல இருக்கும்.

உட்கருமணியை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். புரோஃபேஸ் தொடங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், பிற்பகுதியில்தான் மறையும். ஆகவே நூல்கள் தெரிந்து, உட்கருமணியும் தெரிந்தால் முன் புரோஃபேஸ். நூல்கள் தடித்து, உட்கருமணி காணாமல் போயிருந்தால் பின் புரோஃபேஸ். புரோஃபேஸ்களுக்குள்ளேயே வரிசைப்படுத்த வேண்டுமானால் நூலின் தடிமன்தான் அளவுகோல்: மெல்லியது முன், தடித்தது பின்.

புரோஃபேஸ் முடிந்து உட்கரு உறை கலைந்த பிறகு, குரோமோசோம்கள் நடுக்கோட்டுக்கு வந்து சேரும் முன் ஓர் இடைக்கட்டம் உண்டு. உருண்டை விளிம்பு இருக்காது, வரிசையும் இருக்காது. தடித்த துண்டுகள் செல்லின் நடுவே அள்ளிப் போட்டது போலக் கிடக்கும். இதற்குப் புரோமெட்டாஃபேஸ் என்று தனிப்பெயர் உண்டு. நான்கு நிலைகளாக மட்டும் பதிவு செய்யும் ஆய்வுகளில் இதைப் பின் புரோஃபேஸில் சேர்ப்பது வழக்கம். எங்கே சேர்த்தாலும் சரி, ஒரு செல்லை இங்கும் இன்னொன்றை அங்கும் சேர்க்காமல் இருந்தால் போதும்.

மெட்டாஃபேஸ்: பக்கவாட்டிலும் மேலிருந்தும்

பக்கவாட்டில் தெரியும் மெட்டாஃபேஸ் எளிது. செல்லின் நடுவே குறுக்காக ஒரு பட்டை இருக்கும். ஆனால் படத்தில் போடுவது போல நேர்த்தியான கோட்டை எதிர்பார்க்காதீர்கள். நடுக்கோட்டில் வரிசையாக நிற்பவை சென்ட்ரோமியர்கள் மட்டுமே. வெங்காயக் குரோமோசோம்களின் கைகள் நீளமானவை. அவை பட்டைக்கு மேலும் கீழும் தொங்கி, கலைந்த சீப்புப் பற்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கலைசலைப் பார்த்துவிட்டு அனாஃபேஸ் என்று எழுதுபவர்கள் உண்டு. பட்டையின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே சாயம் அடர்ந்து, பிளவில்லாமல் இருந்தால் மெட்டாஃபேஸ். நடுவில் ஒரு மெல்லிய வெளிச்சக் கீற்று செல்லின் குறுக்கே ஓடினால் அனாஃபேஸ் தொடங்கிவிட்டது.

நசுக்கல் ஸ்லைடில் ஆட்டம் காட்டுவது மேலிருந்து தெரியும் மெட்டாஃபேஸ். இங்கே பட்டை இருக்காது. குரோமோசோம்கள் ஆரங்கள் போலச் சுற்றிலும் விரிந்து, நட்சத்திரம் போலவோ பூ போலவோ கிடக்கும். பார்த்ததும் பின் புரோஃபேஸ் என்று தோன்றும். நுண்சரிசெய் திருகு கைகொடுப்பது இந்த இடத்தில்தான். அதை மெல்ல மெல்ல முன்னும் பின்னும் திருப்புங்கள். மெட்டாஃபேஸ் ஒரு தட்டு. ஆகவே எல்லாக் குரோமோசோம்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தெளிவாகி, ஒரே நேரத்தில் மங்கும். புரோஃபேஸ் ஒரு பந்து. அதில் மேலே இருக்கும் இழைகள் முதலில் தெளிவாகும். திருப்பத் திருப்ப அவை மங்கி, அடியில் இருப்பவை தெளியும். நன்றாக நசுங்கிய செல்லில் பந்துமே தட்டையாகியிருக்கும் என்பதால் அங்கே இந்தச் சோதனை பலிக்காது; அப்போது குரோமோசோம்களின் தடிமனையும், நடுவில் ஆரங்களின் மையம் போன்ற ஒழுங்கு இருக்கிறதா என்பதையும் வைத்து முடிவெடுங்கள்.

இதே திருகு இன்னொரு பொறியிலிருந்தும் காப்பாற்றும். மேலிருந்து தெரியும் அனாஃபேஸில் இரண்டு கூட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து ஒரே கூட்டமாகத் தோன்றும். திருப்பினால் ஒரு பூ தெளிந்து மங்கி, அதே இடத்தில் இரண்டாவது பூ தெளியும்.

எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டால் நன்றாக விரிந்த, மேலிருந்து தெரியும் மெட்டாஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். 16 வர வேண்டும். 14, 15 என்று வந்தால் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது என்று பொருள். 16-ஐத் தாண்டினால் பக்கத்துச் செல்லின் துண்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அனாஃபேஸும் டீலோஃபேஸும்

அனாஃபேஸில் ஒவ்வொரு குரோமோசோமையும் கதிர்கோல் இழை சென்ட்ரோமியரைப் பிடித்து இழுக்கிறது. கைகள் பின்னால் தொங்கிக்கொண்டு வரும். அதனால் முனை துருவத்தை நோக்கியும் கைகள் நடுவை நோக்கியும் இருக்கும் ‘V’ வடிவம் தெரியும். கதிர்கோல் இழைகளை அசிட்டோகார்மைன் ஸ்லைடில் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம், பெரும்பாலும் தெரியாது. நல்ல நிரந்தர ஸ்லைடில் மெல்லிய கோடுகளாகத் தெரியும். துருவங்களில் சென்ட்ரியோலையும் தேட வேண்டாம். வெங்காயச் செல்லில் அது இல்லை. விலங்குச் செல் படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நோட்டில் அதை வரைந்து வைத்துவிடுவதுண்டு.

அனாஃபேஸ்களை வரிசைப்படுத்த கூட்டங்களுக்கு இடையிலுள்ள தூரமே போதும். தூரம் குறைந்தது முன், கூடியது பின்.

பின் அனாஃபேஸுக்கும் முன் டீலோஃபேஸுக்கும் நடுவே கோடு போடுவதுதான் கடினம். இரண்டிலும் கூட்டங்கள் துருவங்களை எட்டியிருக்கும். நடுவை நோக்கி நீளும் கைகள் தனித்தனியாக, விரல்கள் போலத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் இன்னும் அனாஃபேஸ். கைகள் உள்ளிழுத்துக்கொண்டு, கூட்டம் முழுவதும் ஒட்டிப்போன கட்டியாகி, விளிம்பு மழுங்கியிருந்தால் டீலோஃபேஸ். அடுத்து ஐரிஸைக் கொஞ்சம் மூடி, இரண்டு கட்டிகளுக்கும் நடுவில் பாருங்கள். செல் தட்டு நடுவில் பிறந்து ஓரத்தை நோக்கி வளர்வது. ஆகவே இரு ஓரச் சுவர்களையும் தொடாத ஒரு சிறு கோடு நடுவில் மிதந்தால் அது சந்தேகத்துக்கு இடமில்லாத டீலோஃபேஸ். சீவல் ஸ்லைடில் இது நன்றாகத் தெரியும். நசுக்கல் ஸ்லைடில் பல செல்களில் தெரியாமலே போகும். கோடு தெரியவில்லை என்பதற்காக டீலோஃபேஸை அனாஃபேஸ் ஆக்கிவிட வேண்டாம்.

பின் டீலோஃபேஸில் கட்டிகள் தளர்ந்து, உட்கரு உறை திரும்பி, உள்ளே மீண்டும் இழைகள் போலத் தெரியும். அதைத் தனியே பார்த்தால் புரோஃபேஸ் போலவே இருக்கும். பிரித்தறிய இழைகளைப் பார்க்காமல் சூழலைப் பாருங்கள். புரோஃபேஸ் உட்கரு பெரியது, உருண்டையானது, தன் செல்லின் நடுவில் தனியாக இருக்கும். டீலோஃபேஸ் உட்கரு சிறியது, சற்றுத் தட்டையானது. கண்ணாடியில் பார்த்தது போல அதற்கு இன்னொரு ஜோடி எதிரே இருக்கும், நடுவில் மெல்லிய புதுச்சுவர் ஓடும்.

அந்தச் சுவர் ஓரம்வரை முழுமையாக எட்டி, இரண்டு உட்கருக்களிலும் உட்கருமணி தெரியத் தொடங்கிவிட்டால், அவற்றை இரண்டு இண்டர்ஃபேஸ் செல்களாக எடுத்துக்கொள்ளலாம். இயற்கையில் அங்கே கோடு எதுவும் இல்லை; இது எண்ணுவதற்காக நாம் போட்டுக்கொள்ளும் விதி. நிலைகளின் பெயர்களுமே அப்படி வந்தவைதான். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் என்ற பெயர்களை 1884-ல் தந்தவர் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர். டீலோஃபேஸ் என்ற பெயர் அதற்குப் பத்து ஆண்டு கழித்து ஹைடன்ஹைன் சேர்த்தது.

ஒரு பார்வைப்புலம், ஏழு செல்கள்

நசுக்கல் ஸ்லைடில், 40 மடங்கு லென்ஸில், இடமிருந்து வலமாக இப்படி ஏழு செல்கள் தெரிவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் செல்லில் துருவங்களில் இரண்டு அடர்ந்த கட்டிகள், விளிம்பு மழுங்கியிருக்கிறது. இரண்டாவதில் உருண்டை உட்கரு, ரவை போன்ற உள்பகுதி, இரண்டு வெளிறிய உருண்டைகள். மூன்றாவதில் நட்சத்திரம் போல விரிந்த தடித்த குரோமோசோம்கள். நான்காவதில் உருண்டை உட்கருவுக்குள் நூற்கண்டு, ஒரு வெளிறிய உருண்டை. ஐந்தாவதில் நடுவில் வெளிச்சக் கீற்றோடு இரண்டு கூட்டங்கள், கைகள் ஒன்றோடொன்று கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆறாவதில் ஒழுங்கில்லாமல் குவிந்த தடித்த துண்டுகள், விளிம்பு இல்லை. ஏழாவதில் எதிரெதிரே இரண்டு சிறு உட்கருக்கள், நடுவில் மெல்லிய கோடு ஓரம்வரை எட்டவில்லை.

முதல் கேள்வியைக் கேட்டால், ஓரம் தெளிந்த உட்கரு இருப்பவை இரண்டு, நான்கு, ஏழு. ஏழாவதில் ஜோடியும் முடிவடையாத சுவரும் இருப்பதால் அது பின் டீலோஃபேஸ். இரண்டாவதில் எந்த இழையையும் தொடர முடியவில்லை, ஆகவே இண்டர்ஃபேஸ். நான்காவதில் நூலைத் தொடர முடிகிறது, உட்கருமணியும் இன்னும் இருக்கிறது; முன் புரோஃபேஸ்.

உட்கரு இல்லாதவற்றில் ஒரே கூட்டமாக இருப்பவை மூன்றும் ஆறும். மூன்றாவதைத் திருகைத் திருப்பிப் பார்த்தால் எல்லாக் கைகளும் ஒன்றாகத் தெளிந்து ஒன்றாக மங்குகின்றன, அடியில் இரண்டாவது பூ எழவில்லை. மேலிருந்து தெரியும் மெட்டாஃபேஸ். ஆறாவதில் துண்டுகள் வெவ்வேறு ஆழத்தில் தெளிகின்றன, மையமும் இல்லை. உறை கலைந்த பின் புரோஃபேஸ். இரண்டு கூட்டம் உள்ளவற்றில் ஐந்தாவது முன் அனாஃபேஸ், முதலாவது முன் டீலோஃபேஸ். வரிசை இப்படி அமைகிறது: 2, 4, 6, 3, 5, 1, 7. பின் அனாஃபேஸ் இந்தப் புலத்தில் கிடைக்கவில்லை. கிடைக்காததை வரைந்து சேர்க்காமல், அடுத்த புலத்தில் தேட வேண்டும்.

எண்ணிக்கையும் அது சொல்வதும்

ஒரே செல்லை இரண்டு முறை எண்ணாமல் இருக்க, ஸ்லைடை ஒரு மூலையிலிருந்து தொடங்கி ஏர் உழுவது போல ஒரே திசையில் நகர்த்துங்கள். பார்வைப்புலத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட செல்களை இடப்பக்கம் மட்டும் சேர்ப்பது, வலப்பக்கம் விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். டீலோஃபேஸ் ஜோடியை ஒரு செல்லாகவே எண்ண வேண்டும்.

உதாரணமாக 200 செல்களில் இண்டர்ஃபேஸ் 172, புரோஃபேஸ் 16, மெட்டாஃபேஸ் 5, அனாஃபேஸ் 3, டீலோஃபேஸ் 4 என்று வந்தால், பிரியும் செல்கள் 28. மைட்டாசிஸ் குறியீடு 28 ÷ 200 × 100 = 14%. ஒரு நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அதற்கேற்ப அந்த நிலையில் அதிகச் செல்கள் சிக்கும் என்பதால், அனாஃபேஸ் குறைவாகவும் புரோஃபேஸ் அதிகமாகவும் கிடைப்பது இயல்பே. உங்கள் கணக்கில் இண்டர்ஃபேஸைவிடப் புரோஃபேஸ் அதிகமாக வந்திருந்தால், வேரில் எதுவும் விசேஷம் நடக்கவில்லை. ரவை போன்ற உட்கருக்களை எல்லாம் நூற்கண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நூலைத் தொடரும் சோதனையோடு மறுபடி எண்ணுங்கள்.

ஸ்லைடே தவறாக இருந்தால்

எல்லா உட்கருக்களும் மங்கிய இளஞ்சிவப்பாக, செல்கள் கூழாகத் தெரிந்தால் அமிலத்தில் அதிக நேரம் இருந்திருக்கிறது. செல்கள் பிரியாமல் அடுக்கடுக்காகக் கட்டியாக நின்றால் அமிலம் போதவில்லை, அல்லது தட்டியது போதவில்லை. அடுக்குகள் உள்ள இடத்தில் ஒரு செல்லின் குரோமோசோம் இன்னொன்றினுடையதாகத் தெரியும் என்பதால் அங்கே எண்ணாதீர்கள். செல்லின் உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஒரே கரிய, வழவழப்பான, சுருங்கிய உருண்டை இருந்தால் அது இறந்துகொண்டிருந்த செல்லின் உட்கரு. அதை மெட்டாஃபேஸில் சேர்ப்பவர்கள் உண்டு. கைகள் எதுவும் அதிலிருந்து நீட்டாது என்பதை வைத்துத் தள்ளிவிடலாம்.

இன்னொரு வகை ஸ்லைடு அனுபவசாலிகளையும் குழப்பும். குரோமோசோம்கள் குட்டையாகத் தடித்து, ‘X’ வடிவில் செல் முழுவதும் அழகாகச் சிதறிக் கிடக்கும். மெட்டாஃபேஸ் ஏராளம், ஆனால் முழு ஸ்லைடையும் தேடினாலும் அனாஃபேஸ் கிடைக்காது, டீலோஃபேஸும் அரிது. இது கோல்சிசின் போன்ற வேதிப்பொருளில் ஊறவைத்த வேர். அந்தப் பொருள் கதிர்கோல் இழைகளை உருவாக விடாது. இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் நடுக்கோட்டில் சேரவும் முடியாமல், பிரிந்து விலகவும் முடியாமல் நின்றுவிடுகின்றன. வெங்காய வேரில் இந்த விளைவை 1938-ல் விவரித்தவர் லெவான். குரோமோசோம்களை எண்ணவும் அவற்றின் வடிவத்தை ஆராயவும் இத்தகைய ஸ்லைடு மிக நல்லது. நிலைகளை வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்த முடியாது. ஊறவைக்காத வேரில் செய்த ஸ்லைடைக் கேட்டு வாங்குங்கள்.